இணையத்திலிருந்து ஒட்டினால் கரும்பட்டையும் நாலு விதமான எழுத்தும் வருகிறது – என்ன செய்வது?

பாமணியாறு (மன்னார்குடி)

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் ஊர் உழவர் மன்றத்தில் வருஷா வருஷம் சம்பாவுக்கு முன்னால் நாலு பக்கச் சுற்றறிக்கை ஒன்று போடுவோம். என்ன ரகம், எத்தனை நாள், விதை நேர்த்தி எப்படி, நாற்றங்கால் எப்போது விட வேண்டும், இவ்வளவுதான் விஷயம். "நீதான் கம்ப்யூட்டர் படித்தவன்" என்று இந்த வருஷம் அந்த வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள்.

விஷயங்களை நாலு இடத்திலிருந்து எடுத்தேன். ஒன்று வேளாண்மைப் பக்கம், ஒன்று செய்திப் பக்கம், கொஞ்சம் வாட்ஸ்அப் வெப், மீதி பழைய செயலாளர் பென் டிரைவில் கொடுத்த 2009-ம் வருஷத்து வேர்டு கோப்பு. எல்லாவற்றையும் காப்பி செய்து ஒரே கோப்பில் ஒட்டினேன். ஒரு பத்தி மெலிந்த உருண்டை எழுத்தில் நிற்கிறது, அடுத்தது தடியாக நிற்கிறது. நடுவில் நாலு சொல் நீல நிறம். செய்திப் பக்கத்திலிருந்து எடுத்த பத்திக்குப் பின்னால் கரும்பட்டை.

அந்தப் பட்டையை எடுக்க ஹைலைட் பொத்தானில் No Color கொடுத்தேன், அசையவே இல்லை. சரி, ஜெராக்ஸில் தெரியாது என்று நினைத்து 200 பிரதி போடச் சொல்லிவிட்டேன். அந்தப் பத்தி மொத்தமும் அடுப்புக்கரி பூசின மாதிரி வந்தது. கடைக்காரரைச் சொல்லிக் குற்றமில்லை, நான் கொடுத்தது அப்படி. நாளன்றைக்குள் மறுபடி கொடுக்க வேண்டும். நாலு பக்கத்தையும் புதிதாகத் தட்டச்சு செய்வதைத் தவிர வேறு வழி உண்டா?

குடமுருட்டி

இதற்குப் போய் இவ்வளவு கவலையா தம்பி? நோட்பேடைத் திற. காப்பி செய்ததை அதில் கொட்டு. அங்கிருந்து மறுபடி காப்பி செய்து வேர்டில் ஒட்டு. நிறம், ஃபாண்ட், பட்டை எல்லாம் போய்விடும், எழுத்து மட்டும் மிஞ்சும். பதினைந்து வருஷமாக இதைத்தான் செய்கிறேன். எந்தக் கோப்பானாலும், எங்கிருந்து எடுத்தாலும் இது ஒன்றே போதும்.

உப்பளம் (வேதாரண்யம்)

பட்டை விழுகிறது என்றால் டிரம்மைப் பார்க்கச் சொல்லுங்கள். எங்கள் ஆபீஸ் மெஷினில் போன மாதம் இதே கதைதான், கார்ட்ரிட்ஜ் மாற்றினதும் சரியாகிவிட்டது. ஈரக்காற்றில் டோனர் கட்டிபிடிக்கும், கடற்கரைப் பக்கம் இது சகஜம்.

பாமணியாறு

அண்ணே, மெஷின் கோளாறு இல்லை. என் கணினித் திரையிலேயே பட்டை தெரிகிறது. அதுவும் ஒரு பத்திக்கு மட்டும்.

உப்பளம்

திரையிலேயேவா? அப்படியானால் டோனர் இல்லை. நான் படித்தது தப்பு.

அச்சுக்கட்டை (கும்பகோணம்)

கல்யாணப் பத்திரிகையிலிருந்து கும்பாபிஷேக மலர் வரை டிடிபி செய்து இருபது வருஷம் தாண்டியாயிற்று. வாடிக்கையாளர் கொண்டுவரும் கோப்பில் பாதிக்கு மேல் இந்தக் கோளாறுதான். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் காரணம் தெரிந்தால் எந்த வழியை எங்கே பிடிப்பது என்று தானாகவே புரிந்துவிடும்.

நீங்கள் உலாவியில் ஒரு பத்தியைத் தேர்ந்தெடுத்து Ctrl+C அழுத்தும்போது கணினி ஒரு பிரதி மட்டும் எடுப்பதில்லை. ஒரே விஷயத்தை இரண்டு மூன்று வடிவத்தில் எடுத்து வைத்துக்கொள்கிறது. ஒன்று வெறும் எழுத்து. இன்னொன்று அந்தப் பக்கத்தின் உடுப்போடு சேர்ந்தது. ஒட்டுகிற இடம் எதுவோ, அது தனக்குப் பிடித்ததை எடுத்துக்கொள்ளும். நோட்பேடுக்கு உடுப்பு தெரியாது, அதனால் வெறும் எழுத்தை எடுக்கிறது. வேர்டுக்கு உடுப்பு தெரியும், அதனால் அதையும் சேர்த்துக் கொண்டுவருகிறது. உங்கள் கரும்பட்டைப் பத்தி உள்ளே ஏறக்குறைய இப்படித்தான் இருந்திருக்கும்:

```
<span style="font-family:Roboto; color:#e8eaed;
background:#202124">சம்பா நாற்றங்கால்</span>
```

எழுத்தின் நிறம் கிட்டத்தட்ட வெள்ளை, பின்னணி கிட்டத்தட்ட கறுப்பு. உங்கள் உலாவி இருட்டுத் தோற்றத்தில் இருக்கிறது, அல்லவா? அந்த இருட்டையும் சேர்த்துத்தான் காப்பி செய்திருக்கிறீர்கள். சில சமயம் பின்னணி வராமல் எழுத்தின் வெள்ளை மட்டும் வந்துவிடும். அப்போது வெள்ளைத் தாளில் வெள்ளை எழுத்து, பத்தியே காணாமல் போன மாதிரி இருக்கும். அந்த இடத்தைத் தேய்த்துத் தேர்ந்தெடுத்தால்தான் எழுத்து இருப்பது தெரியும்.

ஹைலைட் பொத்தான் ஏன் கேட்கவில்லை என்றால், அது ஹைலைட்டே இல்லை. இணையத்துப் பின்னணியை வேர்டு Shading என்ற வேறு கணக்கில் எழுதிக்கொள்கிறது. பத்தியைத் தேர்ந்தெடுத்து Ctrl+Space அழுத்துங்கள். எழுத்தின் மேல் ஏறியிருக்கும் நிறம், ஃபாண்ட், அளவு, பட்டை எல்லாம் உதிர்ந்துவிடும். அதன் பிறகும் ஓரத்திலிருந்து ஓரம் வரை பட்டை நின்றால் அது பத்தியின் மேல் ஏறினது, அதற்கு Ctrl+Q. அதற்கும் அசையாவிட்டால் அந்தப் பத்தி இணையத்திலிருந்து ஒரு ஸ்டைலையே இழுத்து வந்திருக்கிறது, Ctrl+Shift+N கொடுத்துச் சாதாரண ஸ்டைலுக்குக் கொண்டுவாருங்கள்.

இதெல்லாம் ஏற்கெனவே ஒட்டியதற்கு வைத்தியம். இனிமேல் ஒட்டும்போதே வெறும் எழுத்தாக ஒட்டுங்கள். புதிய வேர்டில் Ctrl+V-க்குப் பதில் Ctrl+Shift+V. கூகுள் டாக்ஸ், ஜிமெயில் இரண்டிலும் அதேதான். பழைய வேர்டில் அந்தச் சாவி வேறு வேலை செய்யும், அதனால் அங்கே சாதாரணமாக ஒட்டிவிட்டு உடனே Ctrl-ஐ ஒருமுறை தட்டி, விட்டு, T தட்டுங்கள். ஒட்டின இடத்துக்குக் கீழே சின்னதாக ஒரு பலகைப் படம் வருமே, அதில் இருக்கும் Keep Text Only என்பதைத்தான் அது தேர்ந்தெடுக்கிறது. லிப்ரே ஆபீஸ் வைத்திருப்பவர்களுக்கு Ctrl+Alt+Shift+V, விரலைக் கொஞ்சம் பழக்க வேண்டும்.

குடமுருட்டி அண்ணன் சொன்ன நோட்பேடும் இதே காரியத்தைத்தான் செய்கிறது. ஒரு நடை கூடுதல், அவ்வளவுதான். ஆனால் "எந்தக் கோப்பானாலும்" என்று அவர் சொன்னதில் எனக்குச் சம்மதமில்லை. தம்பி, அந்த 2009 கோப்பை மட்டும் இப்போதைக்குத் தொடாதீர்கள். அதில் எந்த ஃபாண்ட் என்று பார்த்துச் சொல்லுங்கள்.

பாமணியாறு

அக்கா, நீங்கள் சொன்னது அப்படியே. உலாவி இருட்டில்தான் இருக்கிறது. Ctrl+Space-க்குப் பட்டை போய்விட்டது, நீலமும் போய்விட்டது. வேளாண்மைப் பக்கத்துப் பத்திக்கு மட்டும் Ctrl+Shift+N வரை போக வேண்டியிருந்தது. அழித்துவிட்டுப் புதிதாக Ctrl+Shift+V போட்டு ஒட்டினால் என் கோப்பில் இருக்கும் எழுத்திலேயே வந்து உட்காருகிறது. அரை மணியில் இரண்டரைப் பக்கம் முடிந்தது.

அந்த ஜோரில், நீங்கள் எழுதினதைப் பார்ப்பதற்கு முன்னாலேயே, 2009 கோப்பையும் நோட்பேடில் கொட்டிவிட்டேன். தமிழ் மொத்தமும் இப்படி ஆகிவிட்டது:

```
ney;
kio
```

மூன்று பக்கமும் இதே கதைதான். மூலக் கோப்பு பென் டிரைவில் அப்படியே இருக்கிறது, அதனால் உயிர் வந்தது.

குடமுருட்டி

கோப்பு கெட்டிருக்கும். பழைய பென் டிரைவ் என்றால் வைரஸாகவும் இருக்கலாம். நோட்பேடு ஒரு எழுத்தைக்கூட மாற்றாது, அதை மட்டும் அடித்துச் சொல்வேன்.

அச்சுக்கட்டை

அண்ணன் கடைசியாகச் சொன்னது நூற்றுக்கு நூறு சரி, நோட்பேடு எதையும் மாற்றவில்லை. வைரஸும் இல்லை. அந்தக் கோப்பில் முதலிலிருந்தே இருந்தது `ney;` தான்.

அது பாமினி எழுத்துருவில் அடித்தது. யூனிகோட் பரவலாகும் முன்னால் ஆங்கில எழுத்துகளின் இருக்கையிலேயே தமிழ் உருவத்தை வரைந்து வைத்துவிடுவார்கள். பாமினியில் `n` இருக்கும் இடத்தில் ஒற்றைக்கொம்பின் படம், `e` இடத்தில் 'ந' படம், `y` இடத்தில் 'ல' படம், அரைப்புள்ளியின் இடத்தில் புள்ளி. நாலையும் வரிசையாக வைத்தால் கண்ணுக்கு 'நெல்'. கணினிக்கு அது என்றைக்கும் ஆங்கில நாலு எழுத்துதான். `kio` என்பது 'மழை'. நடுவில் இருக்கும் `i` தான் ஐகாரக் கொம்பு. கையால் எழுதும்போது கொம்பை முன்னால் போடுகிறோமே, அதே வரிசை.

இப்போது யோசித்துப் பாருங்கள். வெறும் எழுத்தாக ஒட்டுவது என்றால் ஃபாண்டைக் கழற்றிவிட்டு ஒட்டுவது. இணையப் பக்கத்துத் தமிழ் யூனிகோட், அதில் 'ந' என்பது 'ந' தான், எந்த உடுப்பைக் கழற்றினாலும் தமிழாகவே நிற்கும். பாமினியில் தமிழாக இருப்பதே அந்த உடுப்புதான். அதைக் கழற்றினால் உள்ளே ஆங்கிலம் நிற்கிறது.

கோப்பு எந்த வகை என்று கண்டுபிடிக்க ஒரு வரியைத் தேர்ந்தெடுத்து ஃபாண்டை Arial என்று மாற்றிப் பாருங்கள். தமிழ் தமிழாகவே நின்றால் யூனிகோட், பயமில்லாமல் வெறும் எழுத்தாக ஒட்டலாம். ஆங்கிலக் குப்பையாக மாறினால் பழைய ஃபாண்ட், உடனே Ctrl+Z. பாமினி மட்டும் இல்லை, நம் பக்கத்து அலுவலகங்களில் வானவில் அவ்வையார் நிறைய உண்டு. ஒவ்வொன்றின் இருக்கை வரிசையும் வேறு.

செய்ய வேண்டியது இது. பாமினிப் பகுதியை மட்டும் எடுத்து என்ஹெச்எம் கன்வர்ட்டர் மாதிரி ஒரு மாற்றியில் பாமினியிலிருந்து யூனிகோட் என்று கொடுத்து மாற்றுங்கள். மாற்றி வந்ததை வெறும் எழுத்தாக ஒட்டுங்கள். மாற்றிக்குள் `ney;` என்று குப்பையாகப் போகலாம், பாதகமில்லை, அதற்கு வேண்டியது அதுதான். அதனால் நீங்கள் நோட்பேடில் கொட்டினதும் வீண் இல்லை.

ஒன்று மட்டும் எச்சரிக்கை. அந்தக் கோப்பில் ஆங்கிலச் சொல் கலந்திருந்தால், மூலக்கோப்பில் அவற்றைக் கண்ணால் பார்த்து ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எதற்கு என்று மாற்றிப் பார்க்கும்போது தெரியும்.

ஒரத்தநாடு டீச்சர்

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். இந்த வெறும் எழுத்து வைத்தியத்தால் எனக்கு வேறு விதமாக அடி விழுந்தது. எட்டாம் வகுப்புக் கணக்கு வினாத்தாளுக்கு இணையத்திலிருந்து பத்துக் கணக்கு எடுத்து, அழகாக இருக்கட்டும் என்று எல்லாவற்றையும் வெறும் எழுத்தாக ஒட்டினேன். அடுக்குக்குறிக் கணக்கில் 10-ன் மேல் சின்னதாக இருந்த 3 கீழே இறங்கி 103 ஆகிவிட்டது. நான் கவனிக்கவில்லை. தேர்வறையில் ஒரு பெண் எழுந்து "டீச்சர், நூற்று மூன்றை எப்படி அடுக்காக எழுதுவது?" என்று கேட்டபோதுதான் தெரிந்தது. எல்லா வகுப்புக்கும் ஓடிப்போய்த் திருத்தச் சொன்னேன்.

அன்றிலிருந்து நான் உடுப்போடுதான் ஒட்டுகிறேன், நிறத்தைப் பிறகு மாற்றிக்கொள்கிறேன். இது சரியா தப்பா?

அச்சுக்கட்டை

டீச்சர், கணக்குக்கு நீங்கள் செய்வதுதான் பிழைக்கிற வழி. மேலே ஏறின எண்ணும் கீழே இறங்கின எண்ணும் உடுப்புக் கணக்கில்தான் சேரும், கழற்றினால் தரைக்கு வந்துவிடும். ஒட்டும்போது Merge Formatting என்று நடுவில் ஒன்று இருக்கும். அது பக்கத்தின் ஃபாண்டையும் நிறத்தையும் விட்டுவிட்டுத் தடித்த எழுத்து போன்றவற்றை வைத்துக்கொள்ளப் பார்க்கும். அடுக்கு ஒவ்வொரு தடவையும் அதில் தங்கும் என்று நான் உறுதி தரமாட்டேன், ஒட்டின கையோடு பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் ஒன்று, அதற்குப் பிறகு நிறம் பிடிக்கவில்லை என்று Ctrl+Space அடித்தீர்களானால் அடுக்கும் கூடவே போய்விடும். நிறத்தை மட்டும் தனியாக மாற்றுங்கள்.

தம்பிக்கும் இது பொருந்தும். விதை நேர்த்தியில் "ஒரு கிலோ விதைக்கு 10 கிராம் சூடோமோனாஸ்" என்பது மூலத்தில் தடித்த எழுத்தில் இருந்திருந்தால் இப்போது சாதாரணமாக வந்திருக்கும். மறுபடி தடிக்க வைப்பது உங்கள் வேலை.

பாமணியாறு

ராத்திரி உட்கார்ந்து மாற்றினேன். மூன்று பக்கமும் சுத்தமான தமிழாக வந்துவிட்டது, கொம்பு கால் எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கிறது. ஆனால் அக்கா, துண்டுச்சீட்டு எதற்கு என்று இப்போது புரிந்தது. ரகங்களின் பட்டியல் இப்படி இருக்கிறது:

```
யுனுவு 43 – 110 நாள்
ஊசு 1009 – 155 நாள்
```

முதலில் விழித்தேன். அப்புறம் 43 என்ற எண்ணைப் பார்த்ததும்தான் பிடிபட்டது, முதல் வரி ஆடுதுறைக்காரர்களின் ADT 43. இரண்டாவது CR 1009. நல்ல ரகத்தை ஊசிப்போன நெல்லாக ஆக்கிவிட்டது.

அச்சுக்கட்டை

அதேதான். அந்த இரண்டு வரியில் ரகத்தின் பெயர் மட்டும் டைம்ஸ் ஃபாண்டில், மீதி பாமினியில் இருந்திருக்கும். ஃபாண்டைக் கழற்றின நிமிஷத்தில் எது ஆங்கிலம், எது பாமினித் தமிழ் என்று சொல்ல ஆளில்லாமல் போய்விட்டது. மாற்றி எல்லாவற்றையும் பாமினி என்றே எடுத்துக்கொள்கிறது. `A` இருக்கையில் 'யு', `D` இருக்கையில் 'னு', `T` இருக்கையில் 'வு'.

நல்ல விஷயம் என்னவென்றால் ஒரே சொல் எங்கே வந்தாலும் ஒரே மாதிரிதான் குழம்பும். Ctrl+H போட்டு 'யுனுவு' என்பதை ADT என்று ஒரே அடியில் மாற்றிவிடலாம். 'ஊசு' விஷயத்தில் மட்டும் பின்னால் இடைவெளியும் 1009-ம் சேர்த்துத் தேடுங்கள், உண்மையிலேயே ஊசுவதைப் பற்றி எங்காவது எழுதியிருக்கலாம். முடிந்ததும் துண்டுச்சீட்டில் எழுதின சொல் ஒவ்வொன்றையும் தேடி, கிடைக்கிறதா என்று டிக் அடித்துக்கொண்டே போங்கள். கண்ணால் வாசித்துப் பிடிக்கலாம் என்று நம்பாதீர்கள், நான் ஒரு மலரில் அப்படி நம்பி ஒரு மின்னஞ்சல் முகவரியை முழுத் தமிழாக அச்சுக்கு அனுப்பியிருக்கிறேன்.

ஆங்கிலம் நிறைய கலந்த கோப்பு என்றால் இந்த வழி கட்டாது. அப்போது மூலக்கோப்பிலேயே இருந்துகொண்டு பாமினிப் பத்திகளை மட்டும் ஒவ்வொன்றாக எடுத்து மாற்ற வேண்டும். அங்கே ஃபாண்ட் பெயர்தான் வழிகாட்டி, கடைசி வரை அதைக் கழற்றக் கூடாது.

குடமுருட்டி

சரி, ஒத்துக்கொள்கிறேன். என்னிடம் பழைய ஃபாண்ட் கோப்பே வந்ததில்லை, அதனால் பதினைந்து வருஷம் தப்பித்திருக்கிறேன். ஆனால் யூனிகோட் என்றால் நோட்பேடு போதும்தானே? ஒவ்வொரு மென்பொருளுக்கும் ஒவ்வொரு சாவி என்று யார் ஞாபகம் வைத்துக்கொள்வது?

அச்சுக்கட்டை

போதும் அண்ணே. வேர்டில் மட்டும்தான் வேலை என்றால் அந்தச் சாவியும் வேண்டாம். File, Options, Advanced போய்க் கீழே Cut, copy, and paste என்ற பகுதியைப் பாருங்கள். Pasting from other programs என்ற வரியில் Keep Text Only என்று வைத்துவிட்டால் இணையத்திலிருந்து எப்போது ஒட்டினாலும் வெறும் எழுத்துதான். ஒரு வேர்டு கோப்பிலிருந்து இன்னொன்றுக்கு ஒட்டுவது தனி வரி, அதைத் தொடாதீர்கள். பாமினிக் கோப்பு திறந்திருக்கும் நாளில் காப்பாற்றும்.

இப்படி வைத்துவிட்டு, ஒரு வாரம் கழித்து "படத்தைக் காப்பி செய்தால் வரவே மாட்டேன் என்கிறது" என்று எனக்குப் போன் செய்யக் கூடாது. வெறும் எழுத்து என்றால் படமும் வராது.

கொள்ளிடக்கரை

நான் எல்லாவற்றையும் போனிலேயே செய்கிற ஆள். ஒட்ட வேண்டிய இடத்தில் விரலை அழுத்திப் பிடித்தால் Paste பக்கத்தில் Paste as plain text என்று ஒன்று வருகிறது, அது இதுதான் போலிருக்கிறது. இத்தனை நாள் அதற்கு நான் கண்டுபிடித்து வைத்திருந்த வைத்தியம், வாட்ஸ்அப்பில் எனக்கே ஒரு செய்தியாக அனுப்பி, அங்கிருந்து எடுத்து ஒட்டுவது. நிறமெல்லாம் போய்விடும்.

பாமணியாறு

வாட்ஸ்அப் வெப் என்றதும் ஞாபகம் வந்தது. அதில் நாலைந்து செய்தியைச் சேர்த்து மவுஸால் இழுத்துக் காப்பி செய்தால் ஒவ்வொன்றுக்கும் முன்னால் கட்டத்துக்குள் நேரம், தேதி, அனுப்பினவர் பெயர் அல்லது போன் எண் எல்லாம் வருகிறது. அவை உடுப்பு இல்லை, எழுத்தே. Ctrl+Shift+V-க்கு அவை போகாது. உறுப்பினர் ஒருவரின் எண் 200 பிரதியில் அச்சாகிப் போகவிருந்தது, கரிப்பட்டையால் நல்லவேளையாக எல்லாவற்றையும் மறுபடி படித்தேன்.

அப்புறம் ஒன்று கேட்க வேண்டும். விதை விலைப்பட்டியல் ஒன்று இணையப் பக்கத்தில் அட்டவணையாக இருக்கிறது. வெறும் எழுத்தாக ஒட்டினால் கோடெல்லாம் போய், சொற்கள் இடைவெளி விட்டு வரிசையாக நிற்கின்றன. அட்டவணைக்கும் டீச்சர் வழிதானா?

அச்சுக்கட்டை

வேண்டாம், உடுப்போடு ஒட்டினால் அட்டவணை அகலம் தாளை விட்டு வெளியே ஓடும், அதோடு மல்லுக்கட்ட முடியாது. அந்த இடைவெளி வெறும் இடைவெளி இல்லை, டேப். ஒவ்வொரு கட்டத்துக்கும் நடுவில் ஒன்று வந்திருக்கும். அந்த வரிகளைத் தேர்ந்தெடுத்து Insert, Table, Convert Text to Table போய், Separate text at என்ற இடத்தில் Tabs கொடுங்கள். உங்கள் எழுத்திலேயே புது அட்டவணை வந்துவிடும். ஒரு வரியில் கட்டம் கூடக் குறைய வந்தால் மூலத்தில் இரண்டு கட்டத்தைச் சேர்த்து ஒன்றாக்கி வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம், அந்த வரியைக் கையால் சரிசெய்யுங்கள்.

கொள்ளிடக்கரை

அக்கா, என் கேள்விக்கும் ஒரு வழி சொல்லுங்கள். எங்கள் பாசனதாரர் சங்கத்துக்கு வந்த ஒரு பிடிஎஃப் இருக்கிறது. திரையில் நல்ல தமிழ். காப்பி செய்து வெறும் எழுத்தாக ஒட்டினால் 'தொகை' என்பது `ெதாைக` என்று வருகிறது. பாமினி மாதிரி ஆங்கிலக் குப்பை இல்லை, தமிழ்தான், ஆனால் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கின்றன. வரி வேறு பாதியில் பாதியில் உடைகிறது.

அச்சுக்கட்டை

வரி உடைவதை ஓரளவு சரிசெய்யலாம். பிடிஎஃப் ஒவ்வொரு அச்சு வரியின் முடிவிலும் ஒரு முறிப்பு வைத்துக் கொடுக்கிறது. Ctrl+H-ல் Find what இடத்தில் `^p`, Replace with இடத்தில் ஒரு இடைவெளி. ஒரு தடவைக்கு ஒரு பத்தியை மட்டும் தேர்ந்தெடுத்துச் செய்யுங்கள், இல்லாவிட்டால் மொத்தக் கோப்பும் ஒரே பத்தியாகிவிடும்.

கொம்பு இடம் மாறுவது வேறு வியாதி. பிடிஎஃப் முக்கியமாக வைத்திருப்பது எந்தப் படத்தைத் தாளில் எங்கே அச்சிடுவது என்ற கணக்கை. கண்ணுக்கு முதலில் வருவது கொம்பு, அதனால் காப்பி செய்யும்போதும் கொம்பு முதலில் வருகிறது. யூனிகோடில் 'த' முதலில் வந்து, அதன் பிறகு கொம்பு வர வேண்டும். உடுப்பைக் கழற்றுவதால் இது தீராது, கோளாறு எழுத்தின் வரிசையிலேயே இருக்கிறது. எல்லாப் பிடிஎஃபும் இப்படி இல்லை, செய்த மென்பொருளைப் பொறுத்தது. அதை உருவாக்கினவரிடம் மூல வேர்டு கோப்பைக் கேட்டு வாங்குவதுதான் என் முதல் வழி.

ஒரத்தநாடு டீச்சர்

எங்கள் பள்ளியில் ஒருவர் கொம்பையும் எழுத்தையும் Replace-ல் மாற்றிப் போட்டுச் சரிசெய்ததாகச் சொன்னார். `ெத` என்பதை 'தெ' என்று, இப்படி ஒவ்வொரு எழுத்துக்கும்.

அச்சுக்கட்டை

செய்யலாம் டீச்சர், பதினெட்டு மெய்க்கும் மூன்று கொம்புக்கும் ஐம்பத்து நாலு தடவை, கிரந்த எழுத்து தனி. 'கொ', 'கௌ' வகை இரண்டு பக்கமும் உறுப்பு உள்ளவை. கொம்பை மாற்றின பிறகு பின்னால் நிற்கும் கால் அதோடு சேருமா, தனியாகவே நிற்குமா என்பதில் எனக்கே ஒவ்வொரு கோப்புக்கும் ஒவ்வொரு அனுபவம். கண்ணுக்கு 'தொ' என்று தெரியும், தேடினால் கிடைக்காது. இரண்டு பக்கம் என்றால் நான் உட்கார்ந்து அடித்துவிடுவேன்.

கொள்ளிடக்கரை

இருபத்தாறு பக்கம் அக்கா. சங்கத்தில் மூலக்கோப்பு கேட்டிருக்கிறேன், "தேடிப் பார்க்கிறோம்" என்றார்கள்.

பாமணியாறு

இங்கே முடிந்தது. நாலு பக்கமும் ஒரே எழுத்து, கடைக்காரரிடம் முதலில் ஒரே ஒரு பிரதி எடுத்துக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுத்தான் மீதியைப் போடச் சொன்னேன். விதை நேர்த்தி வரியைத் தடித்த எழுத்தாக்கினேன். பழைய செயலாளர் வாங்கிப் பார்த்துவிட்டு, "ஏன் தம்பி, பாமினி எழுத்து மாதிரி அழகு இதில் இல்லையே" என்றார்.